டப்பாவின் முக்கோண எண்ணுக்கும் மூடி கேஸ்கட்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்

கவுந்தப்பாடி, கையேட்டு மொழிபெயர்ப்பு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாட்டுச்சர்க்கரை, பருப்புப்பொடி, ஊறுகாய் செய்து விற்கிற மகளிர் குழுக்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை இருக்கும் எண்ணை மூலத்தில் ‘ரெசின் ஐடென்டிஃபிகேஷன் கோட்’ என்கிறார்கள். வரைவில் ‘தர எண்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு குழுத்தலைவி, “அப்போ ஏழாம் நம்பர்தான் ஒசத்திங்களா?” என்று கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். இரண்டாவது, மூடியின் உள்விளிம்பில் இருக்கும் கேஸ்கட்.

சொற்கள் இந்த வாக்கியங்களில் உட்கார வேண்டும்: “டப்பாவின் அடியில் ____ 5 என்று உள்ளதா எனப் பாருங்கள். மூடியின் ____ஐக் கழற்றிக் கழுவி, உலர்ந்த பின் மாட்டுங்கள்.”

பெருந்துறை, வார்ப்பு ஆலை:

தர எண்ணை அடித்தது நல்லதுங்க. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். பயன்படுத்திய சாமான்களைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப 1988இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஏற்பாடு அது. முதலில் சுற்றும் அம்புகளாக இருந்தது. அம்பைப் பார்த்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்று ஜனங்கள் நினைத்ததால், 2013இல் வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகளில் இன்னும் அம்பு வருகிறது.

5 என்றால் பாலிபுரோப்பிலீன். சோற்று டப்பாவும் 5தான், பெயிண்ட் வாளியும் 5ஆக இருக்கலாம். என்ன சாயம் கலந்தார்கள், பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினார்களா என்பதை எண் சொல்லாது. அதனால் எண்ணோடு ‘உணவுக்கு ஏற்றது’ என்ற எழுத்தோ, தம்ளரும் முள்கரண்டியும் சேர்ந்த படமோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 7 என்பது ஒரே பொருள் அல்ல, முதல் ஆறில் அடங்காத எல்லாவற்றுக்கும் அதுதான்.

என் பரிந்துரை ‘பிளாஸ்டிக் இன எண்’.

கரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘இனம்’ நல்ல தேர்வு. வல்லினம் உயர்ந்ததும் இல்லை, மெல்லினம் தாழ்ந்ததும் இல்லை. ஒலிக்கும் முறையால் வகுத்த மூன்று கூட்டங்கள். அதே பொருள் இங்கும் பொருந்தும். ரெசினைப் ‘பிசின்’ என்று பெயர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவேலம்பிசின் தண்ணீரில் கரையும். ரெசின் கரையாது. தமிழில் அதற்கு நெருங்கியது குங்கிலியம். பிசின், பிசுபிசுப்பு, பிசுக்கு எல்லாம் ஒரே வேரில் பிறந்து ஒட்டும் தன்மையைச் சொல்பவை. டப்பா ஒட்டுவதில்லையே.

ஆனால் ‘பிளாஸ்டிக்’ எதற்கு? ‘நெகிழி இன எண்’ என்றே எழுதலாம்.

பெருந்துறை:

அய்யா, 2019 தடைக்குப் பிறகு நெகிழி என்றால் எங்கள் பக்கம் கேரி பேக்தான் கண்முன் வரும். ‘நெகிழி இன எண் 5’ என்று அச்சடித்தால், தடை செய்த பொருளில் ஐந்தாவதா என்று கேட்பார்கள்.

பொள்ளாச்சி:

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்ததுங்க. எனக்கு எந்த டப்பா வாங்குவது என்று தெரியவில்லை. எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்தேன். அடியில் பொட்டுப் பொட்டாகக் கருத்துக் குழி விழுந்துவிட்டது. காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒட்டவே இல்லை. எவர்சில்வருக்கும் இந்த எண் உண்டுங்களா?

பீளமேடு, பம்புப் பட்டறை:

எவர்சில்வருக்கு வேற கணக்குங்க. 304, 202 என்று கிரேடு சொல்வோம். காந்தம் ஒட்டாவிட்டால் அது 304தான், பயப்பட வேண்டாம். பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பீர்கள்.

பெருந்துறை:

அண்ணா சொன்னதில் பாதிதான் சரி. 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்தி இழுத்த விளிம்பில் 304கூட லேசாக ஒட்டும்.

பொள்ளாச்சி அக்கா, குழி விழுந்தது உப்பும் புளிப்பும் சேர்ந்ததால். துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்தை உப்பிலுள்ள குளோரைடு ஒரு புள்ளியில் உடைத்துவிடும், பிறகு அந்த இடத்திலேயே அரிக்கும். 202இல் சீக்கிரம் வரும், 304 கொஞ்சம் தாங்கும். மாதக்கணக்கில் வைக்கிற ஊறுகாய்க்கு இரண்டுமே வேண்டாம். கண்ணாடிச் சீசாவோ பீங்கான் ஜாடியோதான். சீசாவின் தகர மூடியையும் பாருங்கள். உள்பூச்சு கீறியிருந்தால் ஊறுகாய் ஆவி பட்டுத் துருவேறும். சீசாவுக்குப் பிளாஸ்டிக் மூடியே நல்லது. சுடச்சுட ஊற்றாதீர்கள், சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விட்டுவிடும்.

மொழிபெயர்க்கிற அம்மாவுக்கு ஒன்று: எவர்சில்வர் பகுதியில் ‘தரம் 304’ என்று வரும். ‘தரம்’ என்ற சொல்லை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்கும் அதையே போட்டால் இரண்டு கணக்கும் குழம்பும்.

கவுந்தப்பாடி:

முதல் சொல் ‘பிளாஸ்டிக் இன எண்’ என்று வைத்துக்கொள்கிறேன். இனி கேஸ்கட்டுக்கு வாருங்கள். கையேட்டில் அதற்குத்தான் நான்கு பக்கம். நாட்டுச்சர்க்கரை இளகிக் கட்டியாகிறது என்பதுதான் குழுக்களின் பெரிய புகார்.

பீளமேடு:

இது என் தொழிலுங்க. கேஸ்கட்டைக் கேஸ்கட் என்றே எழுதுங்கள். குக்கர் வைத்திருக்கிற வீட்டில் எல்லாம் தெரியும். வேலை இதுதான்: வளையம் நசுங்க வேண்டும், நசுங்கியது திரும்பி எழவும் வேண்டும். நாள்பட நசுங்கியே கிடந்தால் எழாது. கழற்றிக் குறுக்கே பாருங்கள், உருண்டையாக இருந்தது பட்டையாகியிருந்தால் அதன் ஆயுசு முடிந்தது. கிளிப்பை எத்தனை இறுக்கினாலும் பலன் இல்லை.

வட்ட மூடியில் அழுத்தம் சுற்றிலும் ஒன்றுபோல் விழும். சதுர மூடியில் கிளிப் இருக்கும் பக்கம் இறுகும், மூலை தூக்கும். இரண்டு பக்கம் மட்டும் கிளிப் வைத்த நீள டப்பா அதிலும் மோசம். கடையிலேயே ஒரு காகிதக் கீற்றை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் நான்கு மூலையும் இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வருகிற இடம்தான் ஓட்டை.

கரூர்:

வேலையை விளக்கிவிட்டீர்கள், சொல்லை மட்டும் கடனாகவே விட்டுவிட்டீர்கள். மூடியுள்ள சிறு பேழைக்குத் தமிழில் ‘செப்பு’ என்று பெயர். “செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி”, குறள் 887. செப்பும் மூடியும் ஒன்றிய இடம் வெளியே தெரியாது, ஆனால் அவை இரண்டுதான். மூடியது போலத் தெரிந்து காற்றை விடும் டப்பாவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எங்கே? ஆகவே ‘புணர்வளையம்’. நிலைமொழியும் வருமொழியும் சேரும் இடம் புணர்ச்சி. அடியும் மூடியும் சேரும் இடமும் அதுவே.

கவுந்தப்பாடி:

அய்யா, வகுப்பில் பெண்பிள்ளைகள் உரக்கப் படிக்க வேண்டிய கையேடு இது. அந்தச் சொல்லுக்கு இன்று ஊரில் ஒரே பொருள்தான். ‘மூடி ரப்பர்’ என்று போட்டுவிடட்டுமா? குழுக்களில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெருந்துறை:

‘ரப்பர்’ வேண்டாம் அம்மா. இதில் சொல்லே தவறான வேலை செய்ய வைக்கும். நல்ல டப்பாவில் இருப்பது சிலிக்கோன். ரப்பர் என்று எழுதினால், தொலைந்தபோது கடையில் கிடைக்கிற ரப்பர் வளையத்தையோ சைக்கிள் ட்யூபை வெட்டியோ மாட்டுவார்கள். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதும், வாடையும் பொடியில் ஏறும். ஊதிய வளையம் பள்ளத்தில் உட்காராமல் நெளிந்து நிற்கும். இந்த வளையத்துக்கு முக்கோண எண்ணும் கிடையாது. மூடிக்கு வேறு எண்ணாகவும் இருக்கும்: அடி 5, மூடி 4 என்று வருவது சகஜம். 4 மெத்தென்று இருக்கும், சூட்டில் சீக்கிரம் வளையும். டப்பா கொதிநீரைத் தாங்குகிறது என்று மூடியையும் போட்டால் கோணிவிடும். பிறகு எந்த வளையமும் பொருந்தாது.

நாட்டுச்சர்க்கரை விஷயத்துக்கு ஒரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். காலி டப்பாவை மூடி, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் முழுக்க அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரியும். ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி வரும். ஒரே மூலையில் வந்தால், முதலில் வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கலாம், அடியில் சர்க்கரைத்தூள் சிக்கியிருக்கலாம். திரும்பவும் அங்கேயே வந்தால் மூடி கோணியிருக்கிறது. எவர்சில்வர் அமுக்கு மூடியில் வளையமே இல்லை, சுற்றிலும் குமிழி வரும். மழைக்காலத்தில் அதில் சர்க்கரை வைக்காதீர்கள்.

சோதனையில் தேறிய டப்பாவிலும் கட்டியாகும். அப்போது கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்க விளிம்பில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கசிவு. மேல்பரப்பு முழுக்கக் கட்டி, மூடியின் உள்ளே நீர் கோத்திருந்தால், சூடு ஆறுமுன் அடைத்துவிட்டார்கள். அதன் ஈரம்தான் வெளியேற முடியாமல் திரும்ப விழுந்தது. மூடி நன்றாக இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

பொள்ளாச்சி:

அப்போ என் தேங்காய் எண்ணெய் முறுக்கு? டப்பா நமுக்கவே விடவில்லை, மொறுமொறுப்பாக இருக்கிறது. வாடை மட்டும் மாறிவிட்டது.

பெருந்துறை:

அது மூடியின் தப்பில்லை அக்கா. 5ஆம் எண் பிளாஸ்டிக் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை அவ்வளவு தடுக்காது. சுவர் வழியாகவே நுழையும். டப்பா பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றும் சேரும். நிறைய நாள் வைப்பதென்றால் கண்ணாடி, சிறிய அளவு, விளிம்பு வரை நிறைத்து. எவர்சில்வரும் சுவர் வழியாக விடாது, மூடி இறுக்கமாக இருந்தால்.

கவுந்தப்பாடி:

பிற்பகல் மூன்று மணிக்குள் பக்கம் கட்ட வேண்டும். ‘மூடி வளையம்’ என்று போடுகிறேன். பெருந்துறை, பொள்ளாச்சி சரி என்கிறார்கள். முதல் இடத்தில் மட்டும் ‘மூடி வளையம், அதாவது கேஸ்கட்’ என்று இருக்கும்.

பீளமேடு:

சரிங்க, கேஸ்கட் ஒருமுறையாவது இருந்தால் கடையில் கேட்டு வாங்குவார்கள்.

கரூர்:

நான் உடன்படவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். மூடியைச் சுற்றியுள்ள எந்த வளையமும் மூடி வளையம்தான். சோடா பாட்டில் மூடியின் கீழே அறுபட்டு நிற்பதும் அதுவே. இந்த வளையம் செய்யும் வேலை பெயரில் இல்லை. ‘புணர்’ ஒவ்வாது என்றால் ‘பொருத்து வளையம்’ என்றாவது இருக்கட்டும்.

அடுத்து, கையேட்டின் பதினோராம் பக்கத்தில் ‘ஏர்டைட்’டுக்குக் ‘காற்றுப்புகா’ என்று கண்டேன். சுவர் வழியாக ஆக்சிஜன் நுழையும் என்று பெருந்துறையார் இப்போதுதான் சொன்னார். 5ஆம் எண் டப்பாவைக் காற்றுப்புகா டப்பா என்று எப்படி எழுதுவது?

பெருந்துறை:

எழுதக் கூடாதுங்க. ‘ஈரம் புகா’ என்றால் ஓரளவு சரி. ஆனால் தண்ணீர் ஒழுகாதது, ஆவி நுழையாதது இரண்டும் வேறு வேறு. ரசம் ஒழுகாத தூக்குப்போசி எல்லாம் சர்க்கரையைக் காக்காது.

கவுந்தப்பாடி:

பதினோராம் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒழுகாதது, ஈரம் விடாதது, காற்று விடாதது, மூன்றுக்கும் தனித்தனிச் சொல் நாளைக் காலைக்குள் வேண்டுமுங்க.