உருபுக்கோடு: இந்தப் பெயர் சரியா?

கயல்விழி:
வணக்கம். நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்க்கும் எங்கள் குழுவுக்காக ஒரு நடைக்கையேடு எழுதுகிறேன். நேற்று கைக்கு வந்த வரி இது:

"இ.த.ச. பிரிவு 498ஏ-ன் கீழ் பதிவான எஃப்.ஐ.ஆர்.ஐ ரத்து செய்யக் கோரி, மனுதாரர் அஃபிடவிட்-ஐ தாக்கல் செய்தார்."

ஒரே வரியில் உருபு மூன்று விதமாக ஒட்டியிருக்கிறது. நடுவில் உள்ளதுதான் ஆபத்து. 'எஃப்.ஐ.ஆர்.ஐ' என்பதைப் படிப்பவர் கடைசி ஐ-யையும் ஒரு முதலெழுத்தாக எண்ணி, நாலெழுத்துச் சுருக்கம் என்று நினைத்துவிடலாம். உள்ளேயே ஓர் ஐ இருப்பதால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. அங்கே கோடு வேண்டும். அந்தக் கோட்டைக் கையேட்டில் எப்படி அழைப்பது? 'உருபுக்கோடு' என்று வைத்திருக்கிறேன்.

பாஸ்கர்:
முதல் தகவல் அறிக்கை என்று எழுதிவிட்டால் கோடே வேண்டாமே! எங்கள் கிரயப் பத்திரத்தில் 'பவர் ஆஃப் அட்டர்னி-யின்படி' என்று இருந்ததைப் பார்த்துப் பதிவு அலுவலகத்தில் எழுத்துப்பிழை என்றார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

கயல்விழி:
தமிழ்ச் சொல் இருக்குமிடத்தில் அதைத்தான் போடுகிறோம், பாஸ்கர். ஆனால் சாட்சி 'எஃப்.ஐ.ஆர்.' என்றே சொன்னால் வாக்குமூலத்தில் அதை மாற்ற எங்களுக்கு உரிமையில்லை. உங்கள் பத்திரத்தில் 'அட்டர்னியின்படி' என்று சேர்த்தே எழுதலாம். கோடு தேவையில்லை.

மாணிக்கம்:
அம்மா, கோடு வேண்டிய இடம் இரண்டுதான்: புள்ளி வைத்த சுருக்கம், எண். மற்றச் சொற்களைத் தமிழ்ச் சொல்போலவே புணர்த்துங்கள். 'அஃபிடவிட்-ஐ' என்று எழுதுகிறவர் வாயால் 'அஃபிடவிட்டை' என்றுதான் சொல்கிறார். அங்கே ஒற்று இரட்டிக்க வேண்டும். 'அஃபிடவிடை' என்றால் இரண்டு உயிருக்கு நடுவில் நிற்கும் ஒற்றை ட மெலிந்து, 'விடை' என்பதில் ஒலிப்பது போலாகிவிடும். ரிட்டை, கோர்ட்டை எல்லாம் இதே கதைதான். கோடு போனதும் வல்லினமும் தானே மிகும்: 'அஃபிடவிட்டைத் தாக்கல்'. கோடு இருந்தபோது அந்த த் விடுபட்டதைக் கவனித்தீர்களா?

'ஸ்டே' மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஏ முன் யகரமும் வகரமும் வரலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. ஸ்டேயை, ஸ்டேவை இரண்டுமே பிழையல்ல. கையேட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின் '-ன்' போடாதீர்கள். 482 என்பதை வாய்விட்டுப் படித்தால் நானூற்று எண்பத்திரண்டின். உருபு இன், ஆகவே '482-இன்'. புள்ளியெழுத்தில் ஒரு துண்டு தொடங்கக் கூடாது.

நஸீர்:
அப்படியானால் '482-க்கு' மட்டும் எப்படி ஐயா? உருபு கு தானே?

மாணிக்கம்:
நல்ல கேள்வி. '482-கு' என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். வழக்குக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

நஸீர்:
என் வேலை தீர்ப்புத் தொகுப்புகளில் தேடுபொறி அமைப்பது. 'அஃபிடவிட்' என்று தேடினால் 'அஃபிடவிட்டை' கிடைக்கிறது, ஏனென்றால் இரட்டித்ததால் ட் அப்படியே இருக்கிறது. ஆனால் 'சம்மன்' என்று தேடினால் 'சம்மனை' வராது. ன் மேலிருந்த புள்ளி போய் அந்த இடத்தில் ஐகாரக் குறி வந்துவிடுகிறது. எனவே சேர்த்து எழுதுங்கள், அதைச் சமாளிப்பது எங்கள் பாடு. ஒரு வேண்டுகோள் மட்டும்: உருபு அடுத்த வரிக்குத் தாவாமலிருக்கச் சிலர் முறியாக் கோடு (U+2011) போடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சாதாரணக் கோட்டை வைத்துத் தேடினால் அது அகப்படுவதில்லை.

பெயரைப் பற்றி: 'எஃப்.ஐ.ஆர்.-உம்' என்பதில் உம் வேற்றுமை உருபு அல்லவே. 'ஒட்டுக்கோடு' என்றால் எல்லாம் அடங்கும்.

கயல்விழி:
'ஒட்டுக்கோடு' என்றால் 498-ஏ என்று எண்ணையும் எழுத்தையும் இணைக்கும் கோடும் அதில் வந்துவிடும். 498-ஏ-இன் என்று இரண்டு கோடு வருவதைத் தவிர்க்கத்தான் '498ஏ-இன்' என்று வைக்கிறேன். கோடு உருபுக்கு மட்டும்.

பாஸ்கர்:
498(ஏ) என்று அடைப்புக்குறி போட்டால் முடிந்தது. பத்திரிகைகளில் அப்படித்தான் பார்க்கிறேன்.

கயல்விழி:
அங்கேதான் பொருள் மாறிவிடும். அது 498-இன் உட்பிரிவு அல்ல, 1983-இல் தனியாகச் சேர்த்த பிரிவு. அடைப்புக்குறி உட்பிரிவுக்கும் கூறுக்கும் உரியது.

மாணிக்கம்:
சட்டத் தமிழில் 498அ என்றும் எழுதுவதுண்டு. அதையே பின்பற்றலாமே?

கயல்விழி:
ஏ, பி, சி வரிசைக்கு அ, ஆ, இ என்று வைத்தால் மூன்றாவதில் முட்டுகிறது, ஐயா. '376இ' என்றால் அகரவரிசையில் மூன்றாவதா, ஆங்கில ஐந்தாம் எழுத்தின் ஒலிபெயர்ப்பா? இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டுமே தனித்தனிப் பிரிவுகளாக இருந்தன. தண்டனையும் வேறு வேறு. அதனால் ஒலிபெயர்ப்பை மட்டும் வைத்து, ஐந்தாவதை 'ஈ' என்று எழுதலாமா என்று பார்க்கிறேன். பழைய மொழிபெயர்ப்புகளை மேற்கோள் காட்டும்போது என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.