தானியங்கி வசனக் கோப்பு: பேச்சாளர் மாறும் இடத்தைப் பிடிப்பது எப்படி?

52 நிமிட விரிவுரை ஒன்றின் தானியங்கி வசனக் கோப்பைப் படிக்கத்தக்க பத்திகளாக மாற்ற மூன்று நாளாக முயல்கிறேன். கோப்பு .vtt வடிவம், பேச்சு ஆங்கிலம். நிறுத்தக்குறி எதுவும் இல்லை. கடைசி 15 நிமிடம் கேள்வி பதில். ஆள் மாறியதைக் காட்டும் `>>` குறி ஓரிடத்தில்கூட இல்லை.

வசனம் திரையில் மேலே நகரும் வகை என்பதால் ஒவ்வொரு வரியும் இரண்டு மூன்று முறை வந்தது. அதை இப்படிச் சரிசெய்தேன்:

```
sed -E 's/<[^>]*>//g' lecture.vtt | grep -v -e '-->' | grep -v '^ *$' | uniq
```

முதலில் கோப்பு முழுவதிலும் ஒரே மாதிரி வரிகளை நீக்கிப் பார்த்தேன். விரிவுரையாளர் உண்மையிலேயே திரும்பச் சொன்னவையும் போய்விட்டன. `uniq` அடுத்தடுத்த வரிகளை மட்டும் ஒப்பிடுவதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

அப்புறம், அசல் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள `<00:41:07.320>` போன்ற நேரத்தை வைத்து, 1.5 விநாடிக்கு மேல் இடைவெளி வந்தால் புதுப் பத்தி என்று பிரித்தேன். விரிவுரையாளர் பலகையில் எழுத வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துகிறார்; அங்கே பத்தி உடைகிறது. மாணவரோ அவர் முடிக்கும் முன்பே கேட்டுவிடுகிறார். அங்கே இடைவெளியே இல்லாததால் 41ஆவது நிமிடத்தில் கேள்வியும் பதிலும் ஒரே வாக்கியமாக ஒட்டிக்கொண்டன. வரம்பை 0.8 ஆகக் குறைத்தால் பத்திகள் துண்டு துண்டாகின்றன, ஒட்டியது பிரியவில்லை.

நிறுத்தக்குறிகளைக் கையால் போட்டுவிடுவேன். காணொளியின் ஒலிக்கோப்பும் என்னிடம் இருக்கிறது. குரல் மாறும் நேரங்களை ஒலியிலிருந்து எடுத்து, இந்தச் சொல் நேரங்களோடு பொருத்த உங்களில் யாராவது செய்து பார்த்த வழி எது?