பாரசீகப் பன்மை ‘ஹா’ ஒட்டிக்கொள்கிறது, அவசரம்!

தேன்மொழி: ஒரு பாரசீகக் கோப்பைச் சரிபார்க்கிறேன். பன்மை ‘ஹா’ சில இடங்களில் முன்சொல்லோடு ஒட்டிவிட்டது, சில இடங்களில் தனியாக நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

விசைப்பலகை வேலு: நடுவில் பூச்சிய அகல இணைப்பான் விடுபட்டிருக்கும். U+200D போடுங்கள், முடிந்தது.

பழைய உறுப்பினர்: வேலு, அது சேர்த்து வைப்பது. இங்கே வேண்டியது சேரவிடாதது, U+200C. ஈரானில் அதற்கு ‘நீம் ஃபாஸெலே’, அரை இடைவெளி என்று பெயர். தேன்மொழி, கோப்பு எங்கிருந்து வந்தது, நடுவில் என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

கோமதி: எனக்கும் இதே தொல்லை. ‘க்’, ‘ஷ’ இரண்டையும் தனித்தனியாகக் காட்ட நினைத்தால் ‘க்ஷ’ ஆகிவிடுகிறது. அதற்கும் 200C தானா?

பழைய உறுப்பினர்: ஆமாம் அம்மா. ஆனால் தனி இழை தொடங்குங்கள்.

தேன்மொழி: ஆசிரியர் வேர்டில் தந்தார். நான் கண்ணுக்குத் தெரியாத குப்பையை மட்டும்தான் நீக்கினேன்.

```
t = re.sub('[\u200b-\u200f]', '', t)
```

இப்போது இப்படி இருக்கிறது:

```
خانهها
کتاب ها
```

யாழினி: அந்த ‘குப்பை’யில்தான் 200C இருந்தது. முதல் வரி ‘வீடுகள்’. அரை இடைவெளி போனதும் ஹே இரண்டும் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது வரி ‘புத்தகங்கள்’. அதில் ஆசிரியரே முழு இடைவெளி தட்டியிருப்பார். வரி முடிவில் வந்தால் ‘ஹா’ மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆசிரியரின் மூலக்கோப்பிலிருந்து மறுபடி தொடங்கி, 200C-ஐ விட்டுவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் இடைவெளி போட்டவற்றுக்கு மட்டும்:

```
t = re.sub(r' (ها|های)\b', '\u200c\\1', t)
```

வேலு: மூலக்கோப்பு எதற்கு? ‘ஹா’வில் முடிகிற எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் போதுமே.

யாழினி: அப்படிச் செய்தால் ‘தன்ஹா’, அதாவது ‘தனியாக’ என்ற சொல்லும் உடையும். அது ‘உடல்கள்’ ஆகிவிடும்! வினையில் வரும் ‘மீ’யும் அப்படித்தான். அதே எழுத்துகளில் ‘மெய்’ என்று படித்தால் மது. கஸல் ஏதாவது இருந்தால் கண்ணால் பார்த்தே திருத்துங்கள்.

பரமசிவம்: புத்தகங்கள் என்ற ‘கெதாப்ஹா’வை ஒட்டி எழுதினால் தவறா? ஈரான் மொழிக் கழகத்தின் எழுத்து விதிகளே இரண்டையும் ஏற்றிருந்தன.

பழைய உறுப்பினர்: ‘கெதாப்’புக்குச் சரி. வீடு என்ற ‘கானே’ மாதிரி ஒலிக்காத ஹேயில் முடிந்தால் பிரிக்கத்தான் வேண்டும். பழைய அச்சுப் புத்தகத்தைக் காட்டி வாதிட வராதீர்கள்.

பரமசிவம்: ஒரே கோப்பில் இரண்டு விதமும் கலந்திருப்பதுதான் தவறு என்கிறேன். ஒட்டி எழுதுவதில் என்ன குற்றம்?

கோமதி: எந்த விசையை அழுத்தினால் 200C வரும் என்று யாரும் சொல்லவில்லையே!

யாழினி: ஈரானியத் தர விசைப்பலகையில் ஷிஃப்ட்டோடு இடைவெளி விசை. உங்கள் தமிழ் விசைப்பலகை எது?

தேன்மொழி: வீடுகள் சரியாகிவிட்டன. ‘மீ’ இன்னும் நாற்பது இடம் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிறேன். நன்றி.