பிஸ்கட்டில் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் வாசனை நிற்கவில்லை, கஸ்டர்டில் மட்டும் நன்றாக வருகிறது. ஏன்?

செல்வி_கோவை:
வணக்கம். வீட்டிலிருந்தே ஆர்டருக்கு பட்டர் பிஸ்கட் செய்து கொடுக்கிறேன். ஆறு வருடமாக மளிகைக் கடையில் கிடைக்கும் வெனிலா எசென்ஸ்தான் போட்டு வந்தேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் "எசென்ஸ் வேண்டாம், அசல் வெனிலா போடுங்கள்" என்று கேட்டதால் எக்ஸ்ட்ராக்ட் ஒரு பாட்டில் வாங்கினேன். எசென்ஸைவிடப் பல மடங்கு விலை.

300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எக்ஸ்ட்ராக்ட். 170 டிகிரியில் 16 நிமிடம். அவனில் இருக்கும்போது ஹால் வரை மணந்தது. ஆறியதும் எடுத்துக் கடித்தால் வெண்ணெய் மணம்தான் இருக்கிறது, வெனிலாவைத் தேட வேண்டியிருக்கிறது. அதே பாட்டிலில் கஸ்டர்ட் செய்தேன், பிரமாதம். பாட்டில் போலியா, சூடு காரணமா?

பேக்கிங்_பிரியன்:
எக்ஸ்ட்ராக்ட் என்றால் 35 சதவீதம் ஆல்கஹால். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதித்துப் போய்விடும், கூடவே வெனிலாவும் போய்விடும். எசென்ஸில் பெரும்பாலும் ஆல்கஹால் இல்லை, அதனால் நிற்கிறது. அளவை இரண்டு மடங்காக்குங்கள், சரியாகிவிடும்.

ராஜகோபால்:
பிஸ்கட், ஐஸ்கிரீம் இரண்டும் செய்யும் யூனிட்டில் 22 வருடம் இருந்தவன். நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆல்கஹால் சீக்கிரம் போகும், ஆனால் அது வெறும் வாகனம். வெனிலாவின் முக்கிய மணப்பொருள் வெனிலின். அதன் கொதிநிலை 285 டிகிரி. 170 டிகிரி அவனில் அது கொதித்துப் போக வாய்ப்பில்லை. போவது வேறு வழியில்: மாவில் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது மணத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. ஹால் வரை மணந்தது என்கிறீர்களே, அந்த மணம் உங்கள் பிஸ்கட்டை விட்டு வெளியேறியதுதான்.

பிஸ்கட் மெல்லியது, ஈரம் ஏறக்குறைய முழுதும் போக வேண்டும். கேக் அப்படியில்லை. மேல் தோல் சிவந்தாலும் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடாது, ஈரமும் உள்ளே நிற்கும். அதனால் கேக்கின் நடுவில் வெனிலா தெரியும். கஸ்டர்டில் இன்னும் நன்றாகத் தெரியும், அங்கே அடுப்பை அணைத்த பிறகு ஊற்றியிருப்பீர்கள்.

இன்னொன்று. வெனிலாக் காயில் வெனிலின் மட்டுமில்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மணப்பொருள்கள் இருக்கின்றன. புகை போல, உலர்ந்த திராட்சை போல, மரம் போல வரும் சாயல்கள் அவை. அவற்றில் லேசானவை முதலில் பறக்கின்றன. மிச்சம் இருப்பதையும் வெண்ணெயும் சர்க்கரையும் சிவந்து வரும் வறுத்த வாசம் மூடிவிடுகிறது. எசென்ஸில் பெரும்பாலும் இருப்பது ஆலையில் செய்த வெனிலின், சிலதில் அதைவிடக் காரமான எத்தில் வெனிலின். இழக்கச் சாயல் எதுவும் இல்லாததால் வெந்த பிறகும் அதே ஒற்றை மணம்.

கணக்கும் பாருங்கள். வழக்கமான எக்ஸ்ட்ராக்ட் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய் போட்டது. ஒரு டீஸ்பூனில் அரை கிராம் காய்தான் இருக்கிறது. காயில் வெனிலின் 2 சதவீதம் என்று வைத்தால், சுமார் 10 மில்லிகிராம். 600 கிராம் மாவுக்கு அது ரொம்பக் குறைவு. பாட்டில் போலி என்று நினைக்க வேண்டாம். லேபிளில் காய்ச்சாறும் ஆல்கஹாலும் இருந்தால் நல்லது, புரோப்பிலீன் கிளைக்காலும் செயற்கை மணமும் எழுதியிருந்தால் அது எசென்ஸ்தான், பெயர் என்னவாக இருந்தாலும்.

நித்யா_சமையல்:
எனக்கும் இதே பிரச்சனை! நான் வீட்டிலேயே செய்தேன். அரை லிட்டர் வோட்காவில் இரண்டு காய் போட்டு மூன்று வாரம் வைத்தேன். வாசனையே இல்லை, வோட்கா நெடிதான். என் காய் பழசா?

ராஜகோபால்:
அம்மா, உங்களுடையது வேறு பிரச்சனை. இரண்டு காய் ஆறு ஏழு கிராம்தான் வரும். அரை லிட்டருக்கு 50 கிராம் வேண்டும். காயை நீளவாட்டில் கீறி, இருக்கும் வோட்காவில் 70 மில்லி மட்டும் சின்ன பாட்டிலில் ஊற்றி அதில் அந்த இரண்டையும் போடுங்கள். மூன்று மாதம் திறக்காதீர்கள், வாரம் ஒருமுறை குலுக்கினால் போதும்.

தோப்புக்காரன்_பொள்ளாச்சி:
பேக்கிங் எனக்குத் தெரியாது. ஆனால் தென்னைக்கு ஊடே வெனிலா வளர்த்தவன், காய் பற்றிச் சொல்கிறேன். பறித்த பச்சைக் காயில் வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் பொதிந்து வியர்க்கவிட்டு, நாள்தோறும் வெயில் காட்டி, பிறகு பெட்டியில் மாதக்கணக்கில் வைத்த பிறகுதான் மணம் பிறக்கும். நல்ல காயை விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும், கையில் எண்ணெய்ப் பசை ஒட்டும். முறுக்கு மாதிரி ஒடிந்தால் வாங்காதீர்கள்.

கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து அசல் என்று நம்ப வேண்டாம். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் விதையும் தூளாக விற்பனைக்கு வருகிறது. புள்ளி இருக்கும், மணம் இருக்காது. விதையைச் சுரண்டியபின் தோலை எறிந்துவிடாதீர்கள். மணத்தில் பெரும்பங்கு அதில்தான், கழுவி உலர்த்தி சர்க்கரை டப்பாவில் புதையுங்கள்.

செல்வி_கோவை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சோதித்தேன். ஒரே மாவை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் எதுவும் போடாமல், ஒன்றில் எசென்ஸ், ஒன்றில் எக்ஸ்ட்ராக்ட் போட்டேன். எது எது என்று சொல்லாமல் வீட்டில் ஐந்து பேருக்குக் கொடுத்தேன். எதுவும் போடாததை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். மற்ற இரண்டில், மூன்று பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒருவர் எசென்ஸ்தான் நன்றாக இருக்கிறது என்றார். மாமியார் மட்டும் எக்ஸ்ட்ராக்டைத் தொட்டு "இதில் ஒரு பழ வாசம் இருக்கு" என்றார்.

அப்புறம் அரை லிட்டர் பாலைச் சூடாக்கி, ஒரு காயைக் கீறிப் போட்டு மூடி அரை மணி வைத்து கஸ்டர்ட் செய்தேன். எசென்ஸ் போட்ட கஸ்டர்டும் வைத்தேன். எது காய் போட்டது என்று ஐந்து பேரும் ஒரு வாயிலேயே சொல்லிவிட்டார்கள்.

பேக்கிங்_பிரியன்:
கொதிநிலை விஷயம் எனக்குப் புதிது. இருந்தாலும் நான் சொன்ன அளவைக் கூட்டுவது வேலை செய்யும் என்றே நினைக்கிறேன். எக்ஸ்ட்ராக்டை வெண்ணெயோடு சேர்த்து முதலிலேயே அடித்துவிட்டால் கொழுப்பு மணத்தைப் பிடித்து வைக்கும், கடைசியில் சேர்ப்பதைவிட நல்லது.

ராஜகோபால்:
கூட்டலாம், ஆனால் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் போனால் செலவுதான் கூடும். வெண்ணெயில் சேர்ப்பது வழக்கம்தான், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பிஸ்கட்டில் அது தெரியும்படி எதையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை, கேக்கில் வேண்டுமானால் இருக்கலாம். நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பேக்கிங்_பிரியன்:
பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

செல்வி_கோவை:
அந்த வாடிக்கையாளரிடம் பேசினேன். பிஸ்கட்டில் எசென்ஸே போட்டு அதை அப்படியே சொல்லிக் கொடுப்பேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, விலை கூடினாலும் எக்ஸ்ட்ராக்ட்தான் வேண்டும் என்றார். சரி, அவருக்கு மட்டும் இரண்டு பிஸ்கட்டை ஒட்டி நடுவில் வெண்ணெய் கிரீம் வைத்துக் கொடுக்கப் போகிறேன், எக்ஸ்ட்ராக்ட் அந்தக் கிரீமில் போகும், அடுப்புக்குள் போகாது. கிரீமுக்கு 100 கிராம் வெண்ணெய்க்கு எத்தனை மில்லி போடலாம் ஐயா?

ராஜகோபால்:
5 மில்லியில் ஆரம்பியுங்கள். ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு மறுநாள் ருசி பாருங்கள், அன்றைக்கே கூட்டாதீர்கள். அடித்த உடனே ஆல்கஹால் நெடி முன்னால் நிற்கும்.