ஸ்டிக் தானாக நகர்கிறது: கேமில் கோளாறா, கன்ட்ரோலரில் கோளாறா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடுவூர்க்காரன்
சம்பா நடவு முடிந்து, ராத்திரி ஒரு மணி நேரம் ஃபுட்பால் கேம் ஆடலாம் என்று உட்கார்ந்தால், நான் தொடாமலே என் ஆள் இடது பக்கக் கோட்டை நோக்கி மெல்ல நடக்கிறான். கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். எங்கள் ஊர் நெட் வேகத்துக்கு அது இரண்டு ராத்திரி வேலை. ஒரு மாற்றமும் இல்லை. கம்ப்யூட்டரில் சொருகி ஆடும் கன்ட்ரோலர், வாங்கி இரண்டு வருடம், வாரன்டி முடிந்துவிட்டது. புதிது ஐயாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். இது கேம் கோளாறா, ஸ்டிக் கோளாறா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நாகை அலை
சந்தேகமே வேண்டாம், ஸ்டிக்தான். எங்களுக்குக் கடல் காற்று, உங்களுக்கு அறுவடைத் தூசி. துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை ஸ்டிக்கின் அடியில் ரெண்டு அடி அடித்து நன்றாகச் சுழற்றுங்கள். எனக்கு அன்றைக்கே சரியானது.

சால்டரிங் மணி (கும்பகோணம்)
ஸ்ப்ரே பக்கம் போக வேண்டாம் தம்பி, முதலில் எண்ணைப் பாருங்கள். பிரௌசரில் கேம்பேட் டெஸ்ட் பக்கம் ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் இரண்டு எண் வரும். நடுவில் 0.00, வலக் கோடியில் 1.00, இடக் கோடியில் -1.00. இடது ஸ்டிக்கைக் கோடி வரை வலப்பக்கம் தள்ளிச் சட்டென்று விடுங்கள். எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் இடப்பக்கம் தள்ளி விடுங்கள், அதையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை. மெதுவாக விடக் கூடாது, விரல் சட்டென்று நழுவ வேண்டும். ஒயரில்லாமல் ஆடுபவராக இருந்தால், ஒயரில் சொருகி இன்னொரு முறை. ப்ளூடூத் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் ஸ்டிக் கடைசியாக இருந்த பக்கமே ஆள் ஓடிக்கொண்டிருப்பான். அதையும் ட்ரிஃப்ட் என்று கடைக்குக் கொண்டு வருகிறார்கள்.

ட்ரோன் தம்பி
அண்ணே, நான் வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். எனக்கும் இதே ட்ரிஃப்ட். கையை எடுத்தாலும் கிழக்கே நகர்கிறது. ரிமோட் ஸ்டிக்கை மாற்றிவிடலாமா?

சால்டரிங் மணி
அது வேறு கதையாக இருக்கலாம் தம்பி. காற்று, திசைகாட்டி, சாட்டிலைட் சிக்னல் என்று பல காரணம் உண்டு. இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு ரிமோட்டை மட்டும் போட்டு, ஸ்டிக் அளவு காட்டும் திரையைப் பாருங்கள். கை எடுத்ததும் நடுவில் நின்றால் ஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

வடுவூர்க்காரன்
எழுதிவிட்டேன். ஒயரில்தான் சோதித்தேன். வலப்பக்கம் தள்ளி விட்டால் -0.04, -0.05, -0.04, -0.03, -0.05. இடப்பக்கம் தள்ளி விட்டால் -0.17, -0.14, -0.19, -0.16, -0.18. மேலும் கீழும் தள்ளி விட்டால் 0.02-ஐத் தாண்டவில்லை. வலது ஸ்டிக்கில் எதுவும் இல்லை.

சால்டரிங் மணி
இது உள்ளே இருக்கும் பாகத்தின் கோளாறு, கேமை விட்டுவிடுங்கள். கேமைத் திறக்காமலே இந்த எண் வருகிறது பாருங்கள். அதோடு, எந்தப் பக்கமிருந்து திரும்புகிறதோ அதற்கேற்ப வேறு வேறு இடத்தில் நிற்கிறது. ஸ்டிக்குக்கு அடியில் பக்கவாட்டுக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று என இரண்டு சின்ன பாட் இருக்கும். பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே ஜாதி. கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். நாம் அதிகம் தள்ளும் பக்கத்தில் தடம் தேய்கிறது, தேய்ந்த பொடி அங்கேயே கிடக்கிறது. உங்களுக்குப் பக்கவாட்டுப் பாட் மட்டும் போயிருக்கிறது. நாகை அண்ணன் சொல்லும் தூசியும் கொஞ்சம் சேரும், ஆனால் பெரும்பாலும் அது உள்ளேயே விளைந்த தூசி.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே எண்ணில், சொல்லி வைத்தாற்போல் -0.12 என்று நின்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அது நடுப்புள்ளி தவறாகப் பதிந்திருப்பது. திருகாணியைத் தொடாமலே சரி செய்யலாம்.

குடவாசல் அக்கா
அந்த ஒரே எண் எங்கள் வீட்டுக் கதை. பையனுடைய கன்ட்ரோலர், பிராண்ட் இல்லாத சாதாரண ரகம். எங்கிருந்து விட்டாலும் ஒரே இடம். கடையில் ஸ்டிக்கை மாற்ற வேண்டும் என்று 700 ரூபாய் கேட்டார்கள். அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினால் சரியாக இருந்தது! எங்களுடையதில் `joy.cpl` என்று ரன்னில் போட்டுத் திறந்து பார்த்தோம். பையன் எப்போதோ கேலிபரேஷன் செய்திருக்கிறான், நடுப்புள்ளி பதியும்போது ஸ்டிக்கின் மேல் விரல் இருந்திருக்கிறது. Properties-க்குள் Settings பக்கத்தில் Reset to default அழுத்தினோம், முடிந்தது. செலவு எதுவும் இல்லை, பையனுக்கு விழுந்த திட்டு தவிர.

சால்டரிங் மணி
அக்கா சொன்ன "வேறு கம்ப்யூட்டர்" சோதனை அருமையானது. இன்னொன்றும் உண்டு: டெஸ்டில் 0.00, கேமில் மட்டும் நடக்கிறான் என்றால், இரண்டாவது கன்ட்ரோலர் ஏதாவது எங்காவது சொருகிக் கிடக்கிறதா பாருங்கள். ஒருவர் சோபாவுக்கு அடியில் கண்டுபிடித்தார்.

நாகை அலை
இவ்வளவு எதற்கு? கேம் செட்டிங்கில் டெட் சோனைக் கூட்டினால் ஆள் நின்றுவிடுவானே.

சால்டரிங் மணி
நிற்பான். வடுவூர் தம்பிக்கு 0.19 வரை போகிறது, டெட் சோன் 0.22 ஆவது வேண்டும். அப்படி வைத்தால் முதல் ஐந்தில் ஒரு பங்குத் தூரம் ஸ்டிக்கைத் தள்ளினாலும் கேமுக்குத் தெரியாது. ஃபுட்பாலில் ஓடுவதற்கு அது பொருட்டில்லை. துப்பாக்கி கேமில் குறியை ஒரு நூல் நகர்த்த வேண்டிய இடத்தில் குதிக்கும். தேய்மானம் நிற்காது என்பதால் சில மாதத்தில் 0.22-ம் போதாமல் போகும்.

ஸ்ப்ரே பற்றி: எண்ணெய்ப் பசை தங்கும் ரகத்தை அடித்தால் பொடி அதில் ஒட்டிச் சேறாகும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஆவியாகிவிடும், அது பரவாயில்லை. ஆனால் எதை ஊற்றினாலும் தேய்ந்த கார்பன் திரும்ப வளராது.

வடுவூர்க்காரன்
அப்படியானால் மாற்றலாமா, புதிதே வாங்கலாமா? வீட்டில் சால்டரிங் அயர்ன் இருக்கிறது, மோட்டார் ஒயருக்கு வாங்கியது.

சால்டரிங் மணி
அந்த அயர்னால் செய்ய வேண்டாம். ஸ்டிக் மாட்யூலுக்கு 14 கால், அவற்றில் நான்கு வெளிக்கூட்டுக்கானவை. போர்டின் தரைத் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் அவை எளிதில் உருகாது. உருகவில்லை என்று இழுத்தீர்களானால் செம்புத் தடம் உரிந்து வரும், அதோடு போர்டு போச்சு. ஆரம்பத்தில் நானே இரண்டு போர்டை இப்படிக் கெடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரே பாட்தான் போயிருக்கிறது. சால்டரைத் தொடாமல், பக்கத்து மூடியை மட்டும் நெம்பி, தடத்தை ஆல்கஹாலில் துடைத்து, புது மாட்யூலிலிருந்து எடுத்த நாக்குச் சக்கரத்தைப் போட்டுப் பார்ப்பேன். தடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் முழு மாட்யூல். நான் கூலியும் பாகமும் சேர்த்து 600 வாங்குகிறேன். புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், அல்லது பேட்டரியும் பட்டனும் சேர்ந்து போயிருந்தால், நானே புதிது வாங்கச் சொல்லிவிடுவேன். வாரன்டி மிச்சமிருப்பவர்கள் திருகாணியையே தொடாதீர்கள்.

குடவாசல் அக்கா
காந்தத்தில் ஓடும் ஹால் ஸ்டிக் போட்டால் தேயாதாமே?

சால்டரிங் மணி
உரசல் இல்லை, அதனால் கார்பன் மாதிரித் தேயாது. ஆனால் போட்டதும் நடுப்புள்ளி 0.08, 0.10 என்று தள்ளி நிற்கலாம். கன்ட்ரோலருக்குள்ளேயே நடுப்புள்ளியைத் திருத்தி எழுத முடிகிற மாடலா என்று முதலில் பாருங்கள். முடியாத மாடலுக்கு நான் போடுவதில்லை.

வடுவூர்க்காரன்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணன் மூடியைத் திறந்ததும் தடத்தில் பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது, முழு மாட்யூல் போட்டார். இப்போது எந்தப் பக்கமிருந்து விட்டாலும் 0.03-க்குள் நிற்கிறது. ஆனால் இடக் கோடி வரை தள்ளினால் 0.96-க்கு மேல் போகவில்லை. ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதை விடலாமா அண்ணே?

நாகை அலை
அதை விடுங்கள். எனக்கு நேற்றிலிருந்து மறுபடி இடது பக்கம் நடக்கிறான். கும்பகோணத்தில் கடை எந்தத் தெரு?