அம்மாவின் விமானத் திரை ஜப்பானிய மொழியில்

மாலதி: அம்மா வியாழக்கிழமை தனியாக ஒசாகா போகிறார், தம்பி வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. போன முறை முன்னால் இருந்த திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. தலைக்கு மேல் விளக்கு எரிய, எதையும் தொடப் பயந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்து வந்தாராம். என்ன சொல்லி அனுப்புவது?

செல்வம்: செட்டிங்ஸில் போய் ஆங்கிலமாக மாற்றினால் போதும், சப்டைட்டிலும் தானாக ஆங்கிலத்தில் வந்துவிடும்.

ராணி அக்கா: முதல் பாதி சரி செல்வம், இரண்டாவது பாதி அப்படி இல்லை. நான் பல வருடம் கேபினில் வேலை செய்தவள், இதற்காக என்னைக் கூப்பிட்டவர்கள் நிறைய. மெனு மொழி வேறு, படத்தின் ஆடியோ வேறு, சப்டைட்டில் வேறு. முதலில் மெனுவை மாற்ற வேண்டும் மாலதி. உலக உருண்டை போல ஒரு படம் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் இருக்கும், அதைத் தொட்டால் மொழிப் பட்டியல் வரும். அதில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருப்பதால் English என்பதை அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

ராணி அக்கா: அதை மாற்றாமல் நேராகப் படத்துக்குள் போனால்தான் சிக்கல், அங்கே ஆங்கிலத்தையே 英語 என்று எழுதியிருப்பார்கள்.

மாலதி: உருண்டை கண்ணில் படவில்லை என்றால்?

மெய்லிங் ஆன்ட்டி மருமகள் தேவி: 字幕 என்ற இரண்டு எழுத்தைப் படம் எடுத்து அம்மா போனில் போட்டுவிடுங்கள். சப்டைட்டில் என்று பொருள், சீனத்திலும் ஜப்பானியத்திலும் இதே எழுத்துத்தான், நம்ம ஊர் டிவியின் சீன சேனலில் பார்த்துப் பழகியது. ஆடியோவுக்கு ஜப்பானியத்தில் 音声. なし என்றால் இல்லை, அதாவது ஆஃப்.

கணேசன் அங்கிள்: என் இருக்கை சாயவே இல்லை, அதற்கும் திரையிலா பட்டன்?

ராணி அக்கா: எகானமியில் அது கைப்பிடியின் உள்பக்கத்தில் இருக்கிற பட்டன் அங்கிள், திரையில் தேடாதீர்கள். அவசர வழிக்கு முன் வரிசை என்றால் பெரும்பாலும் சாயாது, பழுது இல்லை. மாலதி, அம்மாவின் விளக்கு திரையிலோ ரிமோட்டிலோ பல்பு படமாக இருக்கும். பக்கத்தில் ஆள் படம் இருந்தால் அது எங்களைக் கூப்பிடுவது, தவறித் தொட்டால் இன்னொரு முறை தொட்டு அணைக்கலாம்.

மாலதி: சரி அக்கா, எழுதிக்கொண்டேன். போன முறை ஒரு படத்தில் சப்டைட்டில் போகவே இல்லையாம், அதற்கும் வழி உண்டா?

ராணி அக்கா: சில படங்களில் எழுத்து படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும், அது போகாது. பட்டியலில் ஆஃப் கொடுத்தும் எழுத்து நின்றால் அதுதான். எதைத் தொட்டாலும் திரை அசையவில்லை என்றால் மட்டும் பணிப்பெண்ணிடம் ரீசெட் கேட்கச் சொல்லு. சில நிமிடம் ஆகும், அப்புறம் மொழியை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டி வரலாம்.

செல்வம்: போன் கேமராவில் மொழிபெயர்க்கலாமே?

தேவி: ஜப்பானிய மொழியை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டால் நடக்கும், மேலே நெட் இருக்குமா தெரியாது.

மாலதி: அம்மா கேட்கிறார், தமிழ்ப் படம் இருக்குமா என்று.