சும்மா செய்து தர ஆள் இருக்கும்போது நம்ம கடைக்கு ஏன் வருகிறார்கள்?

கடைப்பையன்:
சுங்கை சிப்புட்டில் மாமாவின் ஹேண்ட்போன் ரிப்பேர் கடையில் நிற்கிறேன். மலிவுக் கடைதான். ஈப்போவில் வாரண்டி சென்டரில் இலவசமாகச் செய்கிறார்கள், வீட்டுக்கு வீடு கை வைக்கத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான், யூடியூப்பும் இருக்கிறது. இருந்தும் வருகிறார்கள். ஒரு தாளில் கேள்வி அச்சடித்து ‘ஏன் எங்கள் கடை?’ என்று கேட்டேன். எல்லாரும் ‘விலை மலிவு’ என்றே கோடு போட்டார்கள். சும்மா கிடைப்பதைவிட மலிவு எது? இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை:
புதிரே இல்லை தம்பி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஈப்போ 30 கிலோமீட்டர். வேலை நாளில் போனால் அந்தக் கூலி போச்சு, பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு வேறு. அன்றைக்கே முடியாவிட்டால் திரும்ப எடுக்க இன்னொரு நாள். உங்கள் மாமா 50 வெள்ளி வாங்கினாலும் வாரண்டியைவிட மலிவுதான். மக்கள் சரியாகத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

மாலதி கே.எல்.:
வாரண்டி சென்டர் விஷயத்தில் உங்கள் கணக்கு சரி சார். பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்தில் அது நிற்காது. அவனிடம் போக பஸ் காசும் வேண்டாம், லீவும் வேண்டாம். அவனையும் தாண்டித்தானே கடைக்கு வருகிறார்கள்?

தம்பி, தாளில் ‘ஏன்’ என்று கேட்டால் ‘மலிவு’, ‘நல்ல சர்வீஸ்’ என்றுதான் வரும். முடிவெடுத்த பிறகு கேட்பவருக்குச் சொல்ல வசதியான காரணம் அது. நான் கம்பெனிகளுக்கு இந்த வகை நேர்காணல் செய்து கொடுக்கிறேன். பாப் மொயெஸ்டா என்ற அமெரிக்கர் பரப்பிய முறை. அதில் ‘ஏன்’ என்ற கேள்வியே வராது, என்ன நடந்தது என்றுதான் கேட்போம். கோளாறு முதலில் எப்போது கண்ணில் பட்டது? அன்று என்ன செய்தீர்கள்? யாரிடம் காட்டினீர்கள்? அதுவரை பொறுத்துக்கொண்டவர் கிளம்பும்படி அந்த நாளில் என்ன நடந்தது? கேட்கும்போது நான்கு பக்க இழுவையைக் கவனிக்க வேண்டும்: பழைய நிலைமை அவரை எங்கே தள்ளியது, புதியதில் எது இழுத்தது, எதற்குப் பயந்தார், எந்தப் பழக்கம் பிடித்து வைத்தது.

சமீபத்தில் வந்த ஒருவரைப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள். நாளாகிவிட்டால் அவர்களே கதையை ஒழுங்குபடுத்திவிடுவார்கள்.

பழைய கிராணி:
என் போன் பின்பக்கம் கொஞ்சம் உப்பி மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்கு உங்கள் கடையில் எவ்வளவு? மகன் ஜொகூர் பாருவில் இருக்கிறான், தீபாவளிக்கு வரும்போது பார்க்கிறேன் என்கிறான்.

கடைப்பையன்:
ஐயா, அது பேட்டரி உப்பல். தீபாவளி வரை வைத்திருக்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தி மூடவும் வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள்.

வேறு கடைக்காரன்:
நானும் இதே தொழில்தான், வேறு ஊர். மாலதி அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நடந்து முடிந்ததற்குக் கதை கட்டுவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? ஒருவர் கதையைக் கேட்டு வேண்டிய காரணத்தை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் அப்படி என்று எண்ணிக்கை சொல்லுமா?

மாலதி கே.எல்.:
சொல்லாது. அதற்கு இது கருவியே இல்லை. எதை எண்ண வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இது. தம்பியின் தாளில் தவறான கேள்வியை எண்ணினார்கள், அதனால்தான் எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்தது.

கடைப்பையன்:
சனிக்கிழமை வந்த ஒரு அக்காவிடம் பேசினேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. சார்ஜ் ஏறாத கேஸ். அவர் சொன்ன வரிசையில் தருகிறேன்.

முதலில் கேபிளைச் சாய்த்து வைத்தால்தான் சார்ஜ் ஏறியது. மைலோ டின்னை மேலே வைத்து கேபிளை அழுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் ஊசியால் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்தான். இரண்டு நாள் வேலை செய்தது, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. அவனிடம் மறுபடி ஏன் போகவில்லை என்று கேட்டேன். ‘சும்மா செய்தவனை எப்படித் தம்பி திரும்பப் போய்க் கேட்கிறது? கெட்டுப்போச்சு என்று அவன் அம்மாவிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும்’ என்றார். தங்கை மகனும் ஒருவன் இருக்கிறான். போனை வைத்துவிட்டுப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றானாம். பூட்டைத் திறந்து வைக்கச் சொன்னானாம். கொடுக்கவில்லை.

வாரண்டி மூன்று மாதம் பாக்கி. போன் பண்ணிக் கேட்டதில், உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள், அழிந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்களாம். அவர் பயந்தது வங்கி ஆப்புக்கு. போன வருடம் போன் மாற்றியபோது ஆப்பைப் புதிதாகப் பதிந்து, அது உடனே திறக்காமல் காத்திருக்க வைத்ததாம். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்துவிட்டது. மகனுக்கு ஹாஸ்டல் காசு அனுப்பக் கெடு திங்கட்கிழமை. போனில் 4 விழுக்காடு சார்ஜ். மறுநாள் காலை வேலை முடிந்ததும் நேரே கடைக்கு வந்தார்.

மாமா அவர் எதிரிலேயே திறந்து, சார்ஜிங் போர்டை மாற்றினார். 50 வெள்ளி. விலையைப் பற்றி அவர் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நான் கேட்டதும் ‘மலிவுதான்’ என்றார்.

மாலதி கே.எல்.:
அருமையாகக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது யாரோடு போட்டி என்று பாருங்கள். முதல் போட்டி மைலோ டின். பொறுத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு வாரத்துக்கு மேல் உங்கள் கடையைத் தோற்கடித்திருக்கிறது. அதை உடைத்தது உங்கள் விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை, திங்கட்கிழமைக் கெடு.

வங்கி ஆப் பயமும் வீண் பயம் இல்லை. மோசடியைத் தடுக்க பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் அறிவித்த நடவடிக்கைகளில், ஒருவருக்கு ஒரே போனில்தான் அனுமதி, புதிதாகப் பதிந்தால் காத்திருப்பு நேரம் என்ற இரண்டும் உண்டு. ஆகவே போனை அழித்துத் திருத்திக் கொடுத்தால் அவருக்குத் திருத்தியதாகவே கணக்கில்லை. திங்கட்கிழமைக்குள், உள்ளே இருப்பது எதுவும் கலையாமல், கண்ணெதிரே திரும்ப வர வேண்டும். அவர் 50 வெள்ளி கொடுத்தது அந்த வேலைக்கு.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம் இன்னும் முக்கியம். காசு கொடுத்த இடத்தில் ‘மறுபடி கெட்டுப்போச்சு’ என்று சத்தமாகச் சொல்லலாம். சும்மா வாங்கிய இடத்தில் சொல்ல முடியாது. காசு கொடுத்ததால் அவர் யாருக்கும் கடன்படவில்லை.

கணக்குப்பிள்ளை:
இதெல்லாம் கடைசியில் செலவுதானே அம்மா? கூச்சமும் ஒரு செலவு, பயமும் ஒரு செலவு. என் கணக்கில் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொண்டால் போயிற்று.

மாலதி கே.எல்.:
சேர்க்கலாம் சார், ஆனால் அந்த வரியில் என்ன எண் எழுதுவீர்கள்? கூலிதான் காரணம் என்றால் ஓய்வுபெற்றவர்கள் ஈப்போவுக்கோ மகனிடமோ போக வேண்டும். அவர்களுக்குக் கூலி நஷ்டம் இல்லையே. மேலே கிராணி ஐயா கடை விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய கிராணி:
என்னை ஏனம்மா இழுக்கிறீர்கள்? மகனிடம் கொடுத்தால் முதலில் ஏன் இந்த போனை வாங்கினீர்கள் என்று திட்டுவான். அப்புறம் புதிது வாங்கிக் கொடுப்பான். எனக்கு இதுதான் பழகிவிட்டது. நாளைக் காலை வருகிறேன்.

வேறு கடைக்காரன்:
சரி, கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் பேசியது உங்களிடம் வந்த ஆளோடு. பக்கத்து வீட்டுப் பையன் ஒழுங்காகச் செய்து கொடுத்த பத்துப் பேர் உங்கள் கடை வாசலையே மிதிக்க மாட்டார்கள். இலவசத்தைவிட நாம் ஏன் ஜெயிக்கிறோம் என்று ஜெயித்த இடத்தில் மட்டும் கேட்டால் என்ன தெரியும்?

மாலதி கே.எல்.:
இது நியாயமான அடி. விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களையும், சொந்தக்காரப் பையன் செய்து கொடுத்துத் திருப்தியாக இருப்பவர்களையும் தேடிப் பேச வேண்டும். அந்த இரண்டு கூட்டத்திலும் இதே பயம் இருந்து, அப்படியும் அவர்கள் வராமல் இருந்தால் என் விளக்கம் ஆட்டம் காணும். அந்த வாய்ப்பு இருக்கிறது.

கடைப்பையன்:
இன்னொன்றும் கவனித்தேன். கண்ணாடி உடைந்தவர்கள் இப்படி இல்லை. விரிசலோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விலை கேட்டு, தலையாட்டி, போய்விடுகிறார்கள். அவர்களிடம் ‘இன்றைக்கே தருகிறோம்’ என்றால் ஒன்றும் நடப்பதில்லை.

மாலதி கே.எல்.:
ஏனென்றால் அவர்களுக்குத் திங்கட்கிழமை இல்லை. போன் வேலை செய்கிறது. வயது, சம்பளம் என்று வாடிக்கையாளரைப் பிரிக்காதீர்கள். போன் நின்றுபோனவர், ஓடும் போனைச் சகித்துக்கொள்பவர் என்று பிரியுங்கள். இரண்டாவது ஆளுக்கு உண்மையிலேயே விலைதான் பேசும். அங்கே கணக்குப்பிள்ளை சார் ஜெயிக்கிறார்.

நின்றுபோனவருக்காகக் கடையில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். ரிப்பேருக்கு எடுக்கும்போது ரகசிய எண் கேட்கிறீர்களா?

கடைப்பையன்:
கேட்போம். எல்லாக் கடையிலும் கேட்பார்கள். டெஸ்ட் பண்ண வேண்டுமே.

வேறு கடைக்காரன்:
சார்ஜிங் வேலைக்கு எதற்கு? பூட்டிய திரையிலேயே சார்ஜ் ஏறுவது தெரியும். யூஎஸ்பி மீட்டரை நடுவில் செருகினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்றும் தெரியும். நானும் பழக்கத்தில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை ஒத்துக்கொள்கிறேன். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மட்டும், சில போன்களில் மைக்கும் அதே போர்டில் இருக்கும், அப்போது அவரையே திறந்து யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம்.

கடைப்பையன்:
‘உங்கள் எதிரிலேயே செய்வோம், ரகசிய எண் வேண்டாம்’ என்று போர்டு எழுதலாம் என்று மாமாவிடம் சொன்னேன். எழுது என்றார். ஆனால் சனிக்கிழமை கடையில் கூட்டம் நெருக்கும். எல்லாரையும் உட்கார வைத்துச் செய்ய முடியாது என்கிறார்.

வேறு கடைக்காரன்:
அதையும்விடப் பெரிய சிக்கல் இருக்கிறது. அந்த அக்காவுக்கு வாரண்டி மூன்று மாதம் பாக்கி. வெளியே திறந்தால் வாரண்டி போகலாம் என்று திறக்குமுன் உங்கள் மாமா சொன்னாரா? நான் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள்.

கடைப்பையன்:
சொல்லவில்லை. கேட்டால் ‘அவருக்கே தெரியும், போன் பண்ணி விசாரித்துவிட்டுத்தானே வந்தார்’ என்கிறார்.

மாலதி கே.எல்.:
சொல்லித்தான் ஆக வேண்டும் தம்பி. சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார், எழுந்து போகிறவர்கள் யார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். நான் கதை கட்டுகிறேனா இல்லையா என்பதும் அதில் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
குறிக்கும்போது எந்த ஊர், எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்றும் எழுது. என் வரியை நான் இன்னும் அழிக்கவில்லை.